ஒரு மி.லி.யில் எவ்வளவு மருந்து? D/H × Q-க்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

"பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறேன். D/H × Q சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். மாத்திரைக் கணக்கு சரியாக வருகிறது. சிரப், ஊசி, டிரிப் என்று வந்தால் எதை எங்கே போடுவது என்று குழம்பிவிடுகிறது. அடிப்படையிலிருந்து உதாரணங்களோடு யாராவது விளக்க முடியுமா?"

உங்கள் சிக்கல் பெருக்கல் வகுத்தலில் இல்லை. D என்பது கொடுக்க வேண்டிய மருந்தின் அளவு, H என்பது கையில் இருப்பதில் உள்ள மருந்தின் அளவு, Q என்பது அந்த H எத்தனை மாத்திரையில் அல்லது எத்தனை மி.லி.யில் இருக்கிறது என்பது. மாத்திரையில் கணக்கு வருவதற்கும் சிரப்பில் வராமல் போவதற்கும் ஒரே காரணம்தான்: மாத்திரையில் Q எப்போதும் 1. அதை மறந்தாலும் விடை மாறாது. சிரப்பில் Q 5 ஆகிவிடுகிறது, ஊசியில் 2 அல்லது 10, டிரிப்பில் நேரமும் உள்ளே வந்துவிடுகிறது. நான் வார்டில் பன்னிரண்டு ஆண்டுகளும் அதன்பின் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுப்பதில் பதினைந்து ஆண்டுகளும் இருந்தவள். முதலாம் ஆண்டு மாணவிகளிடம் சூத்திரத்தைச் சில வாரங்களுக்கு மறந்துவிடச் சொல்வேன். அதற்குப் பதிலாக எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரே கேள்வி: இதில் ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. இருக்கிறது? இந்த எண் கிடைத்துவிட்டால், தேவையான மி.கி.யை அதனால் வகுத்தால் போதும். D/H × Q சொல்வதும் இதைத்தான், ஆனால் ஒரே மூச்சில் சொல்வதால் நடுவில் என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை.

மாத்திரையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். அங்கே தடுக்கி விழும் இடம் அலகு மட்டும்தான். டிகாக்சின் 125 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கையில் இருக்கும் மாத்திரையில் 0.25 மி.கி. என்று அச்சடித்திருக்கிறது. ஒரு மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். ஆகவே 0.25 மி.கி. என்றால் 250 மைக்ரோகிராம். 125-ஐ 250-ஆல் வகுத்தால் அரை மாத்திரை. இரண்டு பக்கமும் ஒரே அலகுக்கு வராமல் வகுக்கத் தொடங்கக் கூடாது. விடை நான்கு, ஐந்து மாத்திரை என்று வந்தால் ஒரு நிமிடம் நின்று ஆர்டரைத் திரும்பப் படியுங்கள். பிரட்னிசோலோன் 40 மி.கி.க்கு 10 மி.கி. மாத்திரை நான்கு கொடுப்பது போன்ற உண்மையான தேவைகள் உண்டு, ஆனால் பெரும்பாலான மருந்துகளில் அவ்வளவு தேவைப்படாது. அரை மாத்திரை என்று விடை வந்ததற்காகவே எல்லா மாத்திரையையும் உடைத்துவிடவும் முடியாது. மெதுவாக மருந்தை விடும்படி செய்த மாத்திரைகளையும், குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்ட மாத்திரைகளையும் உடைத்தால் மருந்து வேலை செய்யும் விதமே மாறிவிடும்.

இப்போது சிரப். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் கடைகளில் அது மூன்று விதச் செறிவில் கிடைக்கிறது. 8 கிலோ எடையுள்ள குழந்தை, காய்ச்சல். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்குக் கொடுக்க மருத்துவர் எழுதியிருக்கிறார். 8 × 15 = 120 மி.கி. வேண்டும். இதுவரைக்கும் பாட்டிலைப் பார்க்கவே தேவையில்லை.

பாட்டிலைத் திருப்பினால் 5 மி.லி.யில் 120 மி.கி. என்று இருக்கிறது. 120-ஐ 5-ஆல் வகுத்தால் ஒரு மி.லி.யில் 24 மி.கி. நமக்கு வேண்டிய 120-ஐ 24-ஆல் வகுத்தால் 5 மி.லி. அடுத்த பாட்டிலில் 5 மி.லி.யில் 250 மி.கி. ஒரு மி.லி.யில் 50 மி.கி. 120-ஐ 50-ஆல் வகுத்தால் 2.4 மி.லி. மூன்றாவது, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. அதில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. அப்படியானால் 1.2 மி.லி. ஒரே குழந்தை, ஒரே 120 மி.கி., ஆனால் 5, 2.4, 1.2 என்று மூன்று அளவு.

இதில் தவறு இரண்டு வழியில் வரும். முதலாவது, பாட்டிலில் 250 என்ற பெரிய எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் "5 மி.லி.யில்" என்பதை விட்டுவிடுவது. 120 ÷ 250 = 0.48 மி.லி. என்று விடை வரும். சிரப்பை அரை மி.லி. கொடுக்கச் சொல்லிப் பெரும்பாலும் யாரும் எழுதமாட்டார்கள் என்று தோன்றினாலே நீங்கள் பிடித்துவிடலாம். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. "பாராசிட்டமால் 5 மி.லி." என்று எழுதியிருப்பதையோ, அம்மா முன்பு கொடுத்துப் பழகிய அளவையோ வைத்துக்கொண்டு, சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து 5 மி.லி. எடுத்துவிடுவது. அது 500 மி.கி. இந்தக் குழந்தைக்குக் கிலோவுக்கு 62 மி.கி.க்கு மேல் ஒரே வேளையில் போய்விடும். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து வழக்கமாக வைக்கும் உச்ச வரம்பே கிலோவுக்கு 60 மி.கி.தான். ஆகவே ஆர்டர் மி.லி.யில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், எந்தச் செறிவு என்று கேட்டு மி.கி.யில் எழுதி வாங்குவது உங்கள் வேலை. அப்படிக் கேட்டதற்காக என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை.

கணக்கு சரியாக இருந்தும் அளவு தவறுவதும் உண்டு. பாராசிட்டமால் சஸ்பென்ஷன் பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் மேலே நீர்த்தும் அடியில் கெட்டியாகவும் இருக்கும். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. 2.4 மி.லி. என்று கணக்குப் போட்டுவிட்டுக் கரண்டியில் ஊற்றினால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுவதுதான் நல்லது.

சிரப்பில் இன்னொரு சிக்கல், "ஒரு வேளைக்கு" என்பதும் "ஒரு நாளைக்கு" என்பதும். அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வேளைகளாகப் பிரிப்பார்கள். 12 கிலோ குழந்தைக்கு நாளைக்குக் கிலோவுக்கு 40 மி.கி., மூன்று வேளையாக என்று எழுதியிருந்தால், 12 × 40 = 480, அதை மூன்றாகப் பிரித்தால் வேளைக்கு 160 மி.கி. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் ஒரு மி.லி.யில் 25 மி.கி. ஆகவே 6.4 மி.லி. மூன்றால் வகுக்க மறந்தால் ஒவ்வொரு வேளையும் 19.2 மி.லி. போகும். கிட்டத்தட்ட நான்கு டீஸ்பூன் என்று கற்பனை செய்து பாருங்கள், உடனே சந்தேகம் வரும். விடையைக் கண்ணால் பார்த்துப் பழகுவது சூத்திரத்தைவிட அதிகம் காப்பாற்றும்.

நரம்பு வழி ஊசிக்கு வருவோம். அதே 12 கிலோ குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோன் கிலோவுக்கு 50 மி.கி. 12 × 50 = 600 மி.கி. கையில் 1 கிராம் பவுடர் உள்ள குப்பி. பவுடராக இருக்கும்வரை "ஒரு மி.லி.யில் எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதிலே இல்லை, அந்தப் பதிலை நாம்தான் கலந்து உருவாக்குகிறோம். 10 மி.லி. ஆகும்படி கலக்கினால் 1000 ÷ 10 = 100. ஒரு மி.லி.யில் 100 மி.கி. ஆகவே 6 மி.லி. எடுக்க வேண்டும்.

"10 மி.லி. ஆகும்படி" என்று சொன்னேன், "10 மி.லி. ஊற்றி" என்று சொல்லவில்லை. பவுடரும் கொஞ்சம் இடத்தை அடைக்கும். இந்த மருந்தின் 1 கிராம் குப்பியில் 9.6 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 10 மி.லி. ஆகும். முழு 10 மி.லி. ஊற்றினால் மொத்தம் 10.4 மி.லி. பக்கம் வரும், அதிலிருந்து எடுக்கும் 6 மி.லி.யில் 577 மி.கி. அளவுதான் இருக்கும். முழுக் குப்பியையும் ஒரே ஆளுக்குப் போடும்போது இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் எல்லாமே உள்ளே போய்விடுகிறது. குப்பியில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போதுதான் கவனிக்க வேண்டும். இங்கே நான்கு சதவீதம்தான், ஆனால் பவுடர் அதிகமாகவும் நீர் குறைவாகவும் இருந்தால் வித்தியாசம் பெரிதாகும், பச்சிளம் குழந்தைகளுக்கு அது பொருட்படுத்த வேண்டிய அளவு. எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படிக்காமல் பழக்கத்தில் கலக்காதீர்கள்.

எடுத்த 6 மி.லி.யை அப்படியே வேகமாகத் தள்ளிவிடவும் முடியாது. குழந்தைகளுக்கு இந்த அளவை அரை மணி நேரமாவது எடுத்துக்கொண்டு விட வேண்டும். பியூரெட் செட்டில் 44 மி.லி. நார்மல் சலைன் எடுத்து இந்த 6-ஐச் சேர்த்தால் மொத்தம் 50 மி.லி. இந்த மருந்தை ரிங்கர் லாக்டேட்டில் கலக்கக் கூடாது, அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து படிந்துவிடும். இந்த இடத்தில் கேள்வி மாறுகிறது. எவ்வளவு மருந்து என்பது முடிந்துவிட்டது, இனி எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. டிரிப் கணக்கில் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சொட்டுக் கணக்கில் மி.கி.க்கு இடமே கிடையாது. மி.லி., சொட்டு, நிமிடம் மூன்று மட்டும்தான்:

நிமிடத்துக்குச் சொட்டு = மொத்த மி.லி. × ஒரு மி.லி.க்குச் சொட்டு ÷ மொத்த நிமிடம்

ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பது ஐ.வி. செட்டின் உறையில் அச்சடிக்கப்பட்டிருக்கும். நம் வார்டுகளில் சாதாரண செட் பெரும்பாலும் 20, மைக்ரோ டிரிப் 60. சில செட்டுகள் 15. பியூரெட் செட் பொதுவாக 60. ஆகவே நம் குழந்தைக்கு 50 × 60 ÷ 30 = 100. நிமிடத்துக்கு 100 சொட்டு.

பெரியவர் ஒருவருக்கு 500 மி.லி. நார்மல் சலைன் நான்கு மணி நேரத்தில் போக வேண்டும் என்றால், நான்கு மணி என்பது 240 நிமிடம். 20 சொட்டு செட்டில் 500 × 20 ÷ 240 = 41.7. சொட்டைப் பாதியாக விட முடியாது, 42 என்று வைத்துக்கொள்ளலாம். இதே பாட்டிலுக்கு 15 சொட்டு செட் மாட்டினால் 31 சொட்டுதான். உறையைப் பிரித்துக் குப்பையில் போட்டுவிட்டு 20 என்று நினைத்துக்கொண்டு 42 சொட்டு வைத்தால், நான்கு மணி நேரத்துக்கானது மூன்று மணி நேரத்திலேயே முடிந்துவிடும்.

நைட் டியூட்டியில் தாளும் பேனாவும் தேடாமல் கணக்கிட ஒரு குறுக்கு வழி உண்டு. முதலில் மணிக்கு எத்தனை மி.லி. என்று பாருங்கள். 500-ஐ 4-ஆல் வகுத்தால் 125. 20 சொட்டு செட் என்றால் அதை 3-ஆல் வகுங்கள், 15 சொட்டு செட் என்றால் 4-ஆல். மைக்ரோ டிரிப் என்றால் வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 60 நிமிடத்தை 20-ஆலும் 15-ஆலும் 60-ஆலும் வகுத்தால் வரும் 3, 4, 1 தான் இந்த எண்கள். காரணம் தெரிந்திருந்தால் மறந்துபோனாலும் நீங்களே மீண்டும் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

மி.கி. கணக்கு வரைக்கும் சொன்னது உறுதியானது, சரியாகப் போட்டால் விடை ஒன்றுதான். சொட்டுக் கணக்கு அப்படியல்ல. அது தொடக்க மதிப்பு மட்டும்தான். நோயாளி முழங்கையை மடக்கினால் குறையும், ஸ்டாண்டை உயர்த்தினால் கூடும், உருளைக் கிளாம்ப் தானாகவே கொஞ்சம் தளரும். ஆகவே 42 சொட்டு என்று வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. பாட்டிலின் பக்கவாட்டில் பிளாஸ்டர் ஒட்டி மணிக்கு மணி எங்கே இருக்க வேண்டும் என்று கோடு போடுங்கள். முதல் மணி முடிவில் 375 மி.லி. மிச்சம் இருக்க வேண்டும், அடுத்தது 250. பின்தங்கிவிட்டதைப் பார்த்தால் வேகமாகத் திறந்துவிட்டு ஈடுகட்டாதீர்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு அந்த அவசரமே மூச்சுத் திணறலில் முடியலாம். மருத்துவரிடம் சொல்லிப் புது வேகத்தைக் கேளுங்கள்.

கடைசியாக, மாணவிகள் மிகவும் பயப்படும் கணக்கு. டோபமைன், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம், நோயாளியின் எடை 50 கிலோ, சிரிஞ்ச் பம்பில் போட வேண்டும். இங்கே கிலோ, நிமிடம், மைக்ரோகிராம் மூன்றும் ஒரே வரியில் இருப்பதால்தான் பயம். ஒவ்வொன்றாகக் கழற்றினால் போதும். கிலோவைக் கழற்ற எடையால் பெருக்குங்கள்: 5 × 50 = 250. நிமிடத்துக்கு 250 மைக்ரோகிராம். பம்ப் மணிக் கணக்கில் ஓடுகிறது, ஆகவே 60-ஆல் பெருக்குங்கள்: மணிக்கு 15,000 மைக்ரோகிராம். ஆம்பியூல் மி.கி.யில் இருக்கிறது, ஆகவே 1000-ஆல் வகுங்கள்: மணிக்கு 15 மி.கி. இனி பழைய கேள்விதான். டோபமைன் ஆம்பியூல் ஒன்று 5 மி.லி., அதில் 200 மி.கி. அதோடு 45 மி.லி. சலைன் சேர்த்து 50 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 4 மி.கி. 15-ஐ 4-ஆல் வகுத்தால் 3.75. மணிக்கு 3.75 மி.லி.

எடையை வேண்டுமென்றே 50 என்று எடுத்தேன். பல பயிற்சித் தாள்களில் 60 கிலோ என்று கொடுப்பார்கள். அப்போது எடையால் பெருக்கினோமா, நிமிடத்துக்காகப் பெருக்கினோமா என்றே தெரியாமல் ஒரு 60-ஐ விட்டுவிடுவார்கள். பயிற்சிக்கு அந்த எண்ணைத் தவிர்ப்பது நல்லது.

விடை வந்ததும் பின்னாலிருந்து திரும்பிப் போங்கள். 3.75 × 4 = 15 மி.கி., அதாவது 15,000 மைக்ரோகிராம், 60-ஆல் வகுத்தால் 250, 50-ஆல் வகுத்தால் 5. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். மைக்ரோகிராமை மாற்ற மறந்திருந்தால் மணிக்கு 3750 மி.லி. என்று வந்திருக்கும், 50 மி.லி. சிரிஞ்சுக்கு அது சாத்தியமே இல்லை என்று பார்த்ததும் தெரியும். மணிக்காக 60-ஆல் பெருக்க மறந்தால் 0.06 பக்கம் வரும். இவையெல்லாம் கண்ணில் படும் தவறுகள். படாத தவறு ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த ஒரு வார்டில் சிரிஞ்ச் தீர்ந்ததும் அடுத்த ஷிஃப்டில் வந்தவர் இரண்டு ஆம்பியூல் போட்டுக் கலந்தார், 50 மி.லி.யில் 400 மி.கி. பம்பின் வேகம் பழையபடியே 3.75. பம்பும் சரி, கேஸ் ஷீட்டும் சரி, நோயாளிக்குப் போனது மட்டும் இரண்டு மடங்கு. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியதைப் பார்த்த பிறகுதான் காரணத்தைத் தேடினோம், நல்லவேளையாக நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சிரிஞ்சின் மேல் ஒட்டும் லேபிளில் மருந்தின் பெயரோடு நிற்காமல், மொத்த மி.கி., மொத்த மி.லி., ஒரு மி.லி.யில் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதச் சொல்வேன்.

எழுதும்போது 0.5 என்று எழுதுங்கள், வெறும் .5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். 5 என்பதை 5.0 என்று எழுதினால் 50 என்று படிப்பார்கள். 3.75 போன்ற விடையைப் பம்பில் எப்படிச் சுருக்குவது என்பதற்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் வேறு, உங்கள் வார்டில் இருக்கும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இங்கே கொடுத்திருக்கும் மருந்தளவுகள் கணக்குக்கான உதாரணங்கள். ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு அது பொருந்துமா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. சிறுநீரகம், கல்லீரல், மற்ற மருந்துகள் எல்லாம் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பது அது. எடையைக் கேட்டு எழுதாமல் அன்றைக்கு எடைக்கருவியில் பார்த்து எழுதியிருக்கிறார்களா என்பதை மட்டும் நீங்கள் பார்த்துவிடுங்கள், மேலே உள்ள பெரும்பாலான விடைகள் அந்த எண்ணின் மேல்தான் நிற்கின்றன.

ஒன்றை நீங்களே செய்து பாருங்கள். 40 கிலோ எடையுள்ள பெண், நரம்பு வழியாகப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., 15 நிமிடத்தில். கையில் 100 மி.லி.யில் 1000 மி.கி. உள்ள பாட்டிலும் 20 சொட்டு செட்டும் இருக்கின்றன. 600 மி.கி., 60 மி.லி., நிமிடத்துக்கு 80 சொட்டு என்று வந்தால் கணக்கு சரி. ஆனால் பாட்டிலில் இன்னும் 40 மி.லி. இருக்கும், 60 முடிந்ததும் யாராவது வந்து நிறுத்துவார்கள் என்று விட்டுவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும். மாட்டுவதற்கு முன்பே அந்த 40 மி.லி.யை எடுத்து வெளியேற்றிவிடுங்கள்.